கிணற்று நீச்சலும் காவிரி நீச்சலும்

(இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு)

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் பெரும்பாலோர் நீச்சல் பழகியது கிணற்றில்தான். முதுகில் காய்ந்த சுரைக்காயோ, லாரி டியூபோ கட்டிவிட்டு மாமாவோ சித்தப்பாவோ தள்ளிவிடுவார்கள். நாலு நாளில் நீச்சல் வந்துவிடும். ஆனால் கிணற்று நீச்சல் தெரிந்தவனுக்குக் காவிரி நீச்சலும் தெரியும் என்று நினைப்பதுதான் ஆபத்து. போன வருஷம் எங்கள் ஊர்த் துறையில் இறந்துபோன கல்லூரி மாணவனுக்கு நீச்சல் நன்றாகவே தெரியும். நடு ஆற்றில் இழுப்பு வந்ததும், துணி வைத்திருந்த படித்துறைக்கே திரும்பிவிட வேண்டும் என்று தண்ணீரை எதிர்த்து நீந்தியிருக்கிறான். கை ஓய்ந்துபோய் முழுகிவிட்டான்.

கிணற்றுத் தண்ணீர் நிற்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் பத்தடி, இருபதடி தூரத்தில் இருக்கிறது. ஆற்றில் நாம் நீந்தும்போதே தண்ணீரும் நம்மைச் சுமந்துகொண்டு போகிறது. இது நாம் அப்ளைடு மெக்கானிக்ஸில் படித்த வெலாசிட்டி கணக்கேதான். அதையே போட்டுப் பார்ப்போம்.

ஒரு கணக்கு

முதலில் ஆற்றின் வேகம். கரையோரமாக 20 மீட்டர் அளந்து, மேல்முனையில் ஒரு காய்ந்த குச்சியைப் போடுங்கள். கீழ்முனைக்கு வர 25 வினாடி ஆனால் வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். நடு ஆற்றில் இதைவிட அதிகமாகத்தான் இருக்கும். அடுத்து நம் வேகம். ஓடாத தண்ணீரில் 50 மீட்டர் நீந்த 100 வினாடி ஆனால் வினாடிக்கு 0.5 மீட்டர். கிணற்றில் பழகியவனுக்கு இது ஒன்றும் குறைந்த வேகமில்லை.

ஆறு 200 மீட்டர் அகலம் என்று வைப்போம். உடம்பை எதிர்க்கரைக்கு நேராக வைத்து நீந்தினால் 200-ஐ 0.5 ஆல் வகுக்க 400 வினாடி. அந்த நேரத்தில் ஆறு நம்மை 0.8 பெருக்கல் 400, அதாவது 320 மீட்டர் கீழே கொண்டுபோய்விடும். இழுப்பைக் குறைக்க 45 டிகிரி மேல்பக்கம் சாய்ந்து நீந்தினால் என்ன? இழுப்பு சுமார் 250 மீட்டராகக் குறையும். ஆனால் நேரம் ஏறக்குறைய ஒன்பதரை நிமிடமாகிவிடும். எழுபது மீட்டர் நடையை மிச்சம் பிடிக்க மூன்று நிமிட மூச்சைச் செலவழிக்கிறோம். முழுக்க எதிர்த்து நீந்தினால் எவ்வளவு கை போட்டாலும் வினாடிக்கு 0.3 மீட்டர் பின்னால்தான் போவோம். அந்த மாணவனுக்கு நேர்ந்தது இதுதான்.

என் அப்பா பரிசல் ஓட்டுபவர். பள்ளிக்கூடம் போனதில்லை. இந்தக் கணக்கை அவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டு, "தொறையப் பாத்துப் போகாத கண்ணு, தண்ணியப் பாத்துப் போ" என்றார். அக்கரையில் ஓர் இடத்தில் சேர வேண்டுமானால் அவர் பரிசலைக் கரையோரமாகவே மேலே கொண்டுபோய், அங்கிருந்து விடுவார். ஆறு அவரைச் சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஆகவே இறங்கும் இடத்தைவிட ஏறும் இடம் முக்கியம். தண்ணீரில் கால் வைக்குமுன் கரையோரம் நானூறு ஐந்நூறு மீட்டர் கீழே நடந்து பாருங்கள். ஏற வசதியான மணல்கரை இருக்கிறதா, பாறையா, முள்புதரா? முக்கியமாக, அணை ஏதாவது இருக்கிறதா? மேட்டூருக்குக் கீழே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று வரிசையாகக் கதவணைகள் உண்டு. பூலாம்பட்டியில் தண்ணீர் ஏரி போல அசையாமல் தெரியும். ஆனால் கதவையும் பவர் ஹவுஸையும் நெருங்க நெருங்க இழுப்பு கூடும். ஜேடர்பாளையம் மாதிரி தடுப்பணைகளில் வேறு ஆபத்து. மேலே வழிந்து விழும் தண்ணீர் அடியில் சுருண்டு, மேல்மட்டத்தில் அணையை நோக்கியே திரும்பி வரும். நாம் படிக்கும் ஹைட்ராலிக் ஜம்ப் நடக்கிற இடம் அது. மிதக்கும் கட்டை ஒன்று அங்கே போகாமல் உருண்டுகொண்டே இருந்தால், மனிதனும் அப்படித்தான் மாட்டுவான்.

கண் பார்வை

ஆற்றில் தலையை முழுக்கத் தூக்கிப் பார்த்தால் இடுப்பும் காலும் கீழே போய்விடும். முதலை மாதிரி கண் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தால் போதும். ஏழெட்டு கை வீச்சுக்கு ஒருமுறை பார்த்தாலே போதுமானது. பார்ப்பதற்குத் தென்னை, கோபுரம் போல உயரமான அடையாளம் வேண்டும்.

ஓடாத ஏரியில் நேராகப் போக, நம் சர்வேயில் ரேஞ்சிங் ராடு இரண்டை ஒரே கோட்டில் நிறுத்துகிற மாதிரி, முன்னால் ஒரு மரமும் பின்னால் ஒரு கோபுரமும் ஒன்றையொன்று மறைக்கும்படி வைத்துக்கொள்ளலாம். இரண்டும் பிரிந்தால் நாம் விலகிவிட்டோம் என்று அர்த்தம். பின்னால் இருப்பது எந்தப் பக்கம் நகர்வதாகத் தெரிகிறதோ, அந்தப் பக்கம்தான் நாம் நகர்ந்திருக்கிறோம். ஆனால் ஓடும் ஆற்றில் எதிரே உள்ள ஒரே மரத்தைப் பிடித்துக்கொண்டு நீந்தக் கூடாது. நாம் கீழே போகப் போக, அந்த மரத்தைப் பார்க்கும் முகம் மெல்ல மேல்பக்கம் திரும்பி, கடைசியில் தண்ணீரை எதிர்த்து நிற்போம். முன்பே பார்த்துவைத்த ஏறும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ் கால்வாயிலும் இதே பாடம்தான். ஈரோட்டில் பிறந்த குற்றாலீஸ்வரன் 1994-ல் சிறுவனாக இருக்கும்போதே அதை நீந்திக் கடந்தார். நேர்க்கோட்டில் அது சுமார் 33 கிலோமீட்டர். ஆனால் ஓதம் ஏறக்குறைய ஆறு மணிக்கு ஒருமுறை திசை மாறுவதால், நீந்துபவரின் பாதை எஸ் எழுத்து போல வளையும். யாரும் அந்த வளைவை எதிர்த்து நிமிர்த்தப் பார்ப்பதில்லை.

குளிர்

அந்தக் கால்வாயில் கோடையிலேயே தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான் இருக்கும். நம் ஊரில் அவ்வளவு குளிர் இல்லை. ஆனாலும் மேலே வெதுவெதுப்பாக இருக்கும் ஏரியில் காலுக்குக் கீழே ஜில்லென்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். வெயிலில் காய்ந்த உடம்போடு தொபீர் என்று குதித்தால் தன்னையறியாமல் ஒரு பெருமூச்சு வாங்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் போச்சு. ஆகவே கால் வைத்து இறங்கி, முகத்தையும் பிடரியையும் நனைத்து, ஓரிரு நிமிடம் நின்று மூச்சு சீரான பிறகு நீந்துங்கள். மார்கழி விடியலில் வெகுநேரம் நீந்தும்போது உடம்பு நடுங்கி, விரல்கள் ஒன்றுசேராமல் விரிந்துகொண்டால் அதுதான் எச்சரிக்கை. உடனே கரையேற வேண்டும்.

பாதுகாப்பு

ஒன்று, வானத்தைப் பார்த்து ஆற்றை நம்பாதீர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்குப் போய்ச்சேர மூன்று நாள் போல ஆகும். நம் துறைக்கு அது வரும்போது இங்கே பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். 2018 ஆகஸ்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் திறந்தார்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குச் சற்று அதிகம். வெள்ள எச்சரிக்கை அறிவித்தால் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் நுரையும் மிதந்து வந்தாலும் ஏறிவிட வேண்டும்.

இரண்டு, மணல் அள்ளிய குழிகள். முழங்கால் தண்ணீரில் நடக்கும்போதே அடுத்த அடி இரண்டாள் ஆழமாக இருக்கும். தெரியாத இடத்தில் கழியால் ஊன்றிப் பார்த்தே நடங்கள்.

மூன்று, மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி எண்ணெய் கேனை ஒரு கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள். களைத்தால் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இல்லாவிட்டால் கயிறு முள்ளிலோ பாறையிலோ மாட்டினால் அதுவே எமன்.

நான்கு, ஒருவன் முழுகும்போது அடுத்தவன் குதிக்காதீர்கள். பயத்தில் அவன் நம் கழுத்தைத்தான் பிடிப்பான். கேனை எறியுங்கள், வேட்டியை முறுக்கி நீட்டுங்கள், பரிசல்காரரைக் கூப்பிடுங்கள்.

இழுப்பில் மாட்டிக்கொண்டது நீங்களே என்றால் மல்லாந்து, காலைக் கீழ்ப்பக்கம் நீட்டி மிதந்துகொண்டே மூச்சு வாங்குங்கள். பிறகு அருகிலுள்ள கரையை நோக்கிக் குறுக்கே நீந்துங்கள். துணியும் செருப்பும் அரை கிலோமீட்டர் மேலே கிடக்கட்டும். கரையோரமாக நடந்து வந்து எடுத்துக்கொள்ளலாம்.