முழங்கை வலியும் கைப்பிடியும்

ஜிம்முக்குப் போகிறவர்களிடம் முழங்கை வலி என்றால் முதலில் கேட்க வேண்டியது, வலி எந்தப் பக்கம் என்பதுதான். சுண்டுவிரல் பக்கமுள்ள எலும்பு மேட்டில் என்றால், மணிக்கட்டை உள்ளே மடக்கும் தசைகளின் நாண் அது. வெளிப்பக்க மேட்டில் என்றால், மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தும் தசைகளின் நாண். இரண்டாவதைத்தான் ‘டென்னிஸ் எல்போ’ என்கிறார்கள். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கே அது அதிகம் வருகிறது. இங்கே அதைப் பற்றி மட்டும் பார்ப்போம்.

பாரைப் பிடிப்பது விரல்களின் வேலை, கையின் பின்புறத் தசைக்கு அதில் என்ன பங்கு என்று தோன்றும். விரல்கள் இறுகும்போது அவை மணிக்கட்டையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அது மடங்காமல் நிற்க, பின்புறத் தசைகள் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் எதை இறுகப் பிடித்தாலும் வெளிப்பக்க நாணில் சுமை ஏறும். உள்ளங்கை கீழே பார்த்தால், முழங்கை நீண்டிருந்தால், இன்னும் கூடும். புல்-அப்பில் தொங்குவதும் ரிவர்ஸ் கர்லும் பார் தடிமனானால் வலி எகிறுவதும் இதனால்தான்.

நாற்பது வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்தில் நான்கு நாள் பயிற்சி. போன மாதம் டெட்லிஃப்ட்டைப் புதிதாகச் சேர்த்தார், புல்-அப் எண்ணிக்கையையும் கூட்டினார். இப்போது தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் வெளிமேட்டில் சுருக்கென்கிறது. இவர் ஜிம்மை விட வேண்டியதில்லை. முழு ஓய்வில் வலி அடங்கும். ஆனால் நாண் பலம் பெறாது, திரும்பிப் போனதும் வலியும் திரும்பும்.

டெட்லிஃப்ட்டுக்கு ஸ்ட்ராப் கட்டிக்கொண்டால் விரல்களின் இறுக்கம் குறையும். புல்-அப்புக்குப் பதில் கொஞ்ச நாள் லாட் புல்டவுன். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும் கைப்பிடியில், பழைய எடையில் மூன்றில் இரண்டு பங்கு. கர்லுக்கு உள்ளங்கை மேலே பார்க்கும் டம்பெல். 12 கிலோ தூக்கியவர் 8 கிலோவுக்கு இறங்கி, மெதுவாகப் பதினைந்து முறை செய்யட்டும். ‘ஹேமர் கர்ல் பண்ணுங்க பாஸ், சரியாயிடும்’ என்று ஜிம்மில் எல்லோரும் சொல்வார்கள். உள்மேட்டு வலிக்கு அது பல நேரம் சரி. வெளிமேட்டு வலிக்குப் பெரிய எடையில் அது சரிப்படாமல் போகலாம், கட்டைவிரல் பக்கம் டம்பெல் சாயாமல் தாங்குவதும் அதே பின்புறத் தசைகள்தான்.

இதெல்லாம் சுமையைக் குறைக்கும் வேலை. நாணைப் பலப்படுத்துவது தனி. முன்கையை மேசைமேல் கிடத்தி, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை கீழ்நோக்க 2 கிலோ டம்பெலைப் பிடித்து அசையாமல் நிறுத்த வேண்டும். அரை நிமிடத்திலிருந்து முக்கால் நிமிடம் வரை, ஐந்து தடவை. பத்து நாள் போல இது பொறுக்கும்படி ஆனதும், ஏற்ற மூன்று நொடி, இறக்க மூன்று நொடி என்று மெல்ல அசைக்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள், மூன்று செட், பதினைந்து முறை. அது எளிதானால் அரைக் கிலோ ஏற்றி, எண்ணிக்கையைப் பன்னிரண்டாகக் குறைக்கலாம். பிறகு பத்து, எட்டு.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். பத்துக்கு மூன்று அளவு வரை பயமில்லை. தீர்ப்பு மறுநாள் காலையில். கையை நேராக நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். நேற்றைக்கு இருந்த அளவே வலித்தால் அதே எடையில் தொடரலாம். கூடியிருந்தால் நேற்றைய சுமை அதிகம், ஒருபடி இறங்க வேண்டும்.

இங்கே பலர் சறுக்குவது ஐந்தாம் ஆறாம் வாரத்தில். வலி முக்கால்வாசி போயிருக்கும், ‘சரியாயிடுச்சு’ என்று பழைய புல்-அப்புக்குத் தாவிவிடுவார்கள். நாண் தசையைவிட மெதுவாகவே தேறும். மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும்போது எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் சேர்க்காமல், முதலில் ஸ்ட்ராப்பைக் கழற்றிச் சில செட், அது பொறுத்தால் அடுத்த வாரம் புல்-அப் என்று போகலாம்.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரங்களில் வலி சட்டென்று குறைகிறது, உண்மை. ஆனால் ஆஸ்திரேலியாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், ஊசி போட்டவர்கள் ஓராண்டு முடிவில் போலி ஊசி போட்டவர்களைவிடப் பின்தங்கியே இருந்தார்கள், வலி திரும்பியதும் அவர்களுக்குத்தான் அதிகம். போட்டி நாளை என்பதற்காக அதை எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால், அல்லது பளு தூக்கும்போது ‘பட்’டென்று சத்தம் கேட்டு அந்த இடம் கறுத்து வீங்கினால், இந்தத் திட்டம் எதுவும் வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரிடம் போய்க் காட்ட வேண்டும்.