அவசரமாக இளைத்தால் பித்தப்பையில் கல்

கோவில்பட்டி வட்டாரத்தில் 'வயிற்றில் கல்' என்று யாராவது சொன்னால் நாம் முதலில் நினைப்பது சிறுநீரகக் கல்லைத்தான். வெயிலும், வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறக்கும் பழக்கமும் சேர்ந்த கரிசல் மண்ணில் அது இயல்பான நினைப்பே. உடனே வாழைத்தண்டுச் சாறு வந்துவிடும். ஆனால் பித்தப்பைக் கல் வேறு சங்கதி. அது சிறுநீர்ப் பாதையில் உருவாவதில்லை. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அதை அடித்து வெளியேற்ற முடியாது. வாழைத்தண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பித்தப்பைக் கல் பல காரணங்களால் வரும். தென்னிந்தியாவில் நிறமிக் கற்களும் கணிசமாகக் காணப்படுகின்றன; அவை தோன்றும் விதம் தனி. இங்கே பேசப்போவது கொலஸ்ட்ரால் கல்லைப் பற்றி, அதிலும் 'இரண்டே மாதத்தில் 12 கிலோ' என்ற வகைப் பட்டினி உணவுமுறையால் வரும் கல்லைப் பற்றி மட்டுமே.

பத்தாம் வகுப்பில் கரைசல்கள் பாடம் நடத்துபவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். கல்லீரல் சுரக்கும் பித்தநீரில் கொலஸ்ட்ரால் கரைந்திருக்கிறது. கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. பித்த உப்புகளும் லெசித்தின் என்ற பொருளும்தான் அதைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கின்றன. அவை தாங்கும் அளவைவிடக் கொலஸ்ட்ரால் கூடினால் பித்தநீர் அதிதெவிட்டிய கரைசலாகிவிடும். கற்கண்டு செய்யும்போது பாகில் நூலைத் தொங்கவிட்டு, அசைக்காமல் வைக்கிறோம் அல்லவா? பித்தப்பையிலும் அதே மூன்றும் தேவை: செறிந்த கரைசல், படிகம் ஒட்டிக்கொள்ள ஒரு பிடிப்பு, அசைவின்மை.

பட்டினி உணவுமுறை இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கிறது. உடல் கொழுப்பு வேகமாகக் கரையும்போது அதில் சேர்ந்திருந்த கொலஸ்ட்ராலும் வெளிப்பட்டு, கல்லீரல் வழியாகப் பித்தநீருக்குள் வருகிறது. கரைசல் செறிகிறது. பித்தப்பையின் உட்சுவர் சுரக்கும் வழவழப்பான சளிப்பொருள் கற்கண்டின் நூல்போலப் படிகங்களைப் பிடித்துக்கொள்கிறது. மூன்றாவதான அசைவின்மைதான் பலருக்குத் தெரியாதது. பித்தப்பை தானாகச் சுருங்கிக்கொண்டே இருப்பதில்லை. நாம் உண்ட கொழுப்பு முன்சிறுகுடலுக்குள் வந்ததும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் கிளம்பி, 'சுருங்கு' என்று பித்தப்பைக்குச் சொல்கிறது. எண்ணெயே இல்லாத உணவு என்றால் அந்தச் செய்தி சரியாகப் போவதில்லை. பித்தநீர் பையிலேயே தேங்குகிறது.

இது வெறும் ஊகமல்ல. 1989இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உடல் பருமன் உள்ள 51 பேருக்கு நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மட்டுமே தரும் திரவ உணவு எட்டு வாரம் கொடுக்கப்பட்டது. முடிவில் 13 பேருக்குப் புதிதாகப் பித்தப்பைக் கல் இருந்தது. எட்டே வாரத்தில் நால்வரில் ஒருவர்! 1998இல் வந்த இத்தாலிய ஆய்வு சிறியதுதான் என்றாலும் நமக்கு இன்னும் பயனுள்ளது. இரு குழுவினருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்த கலோரி. ஒரு குழுவின் உணவில் நாளுக்கு 3 கிராம் கொழுப்பு, மற்றதில் 12 கிராம். 3 கிராம் குழுவில் பாதிப் பேருக்கு மேல் கல் வந்தது. 12 கிராம் குழுவில் ஒருவருக்கும் வரவில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பத்திரண்டு வயது ஆசிரியை, எடை 76 கிலோ. தங்கை மகள் திருமணத்துக்குள் இளைக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார். காலையில் எலுமிச்சைச் சாறு கலந்த வெந்நீரோடு விளாத்திகுளம் பேருந்தைப் பிடிக்கிறார். மதியம் வெள்ளரிக்காயும் நீர்மோரும். மாலையில் கொஞ்சம் பப்பாளி. இரவு எண்ணெய் தொடாத இரண்டு இட்லி. மொத்தம் 500 கலோரிகூடத் தேறாது. கொழுப்பு 3 கிராம் இருந்தால் அதிகம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டவர் மறுநாள் மதியம் வரை, அதாவது பதினாறு மணி நேரம், எதுவும் உண்பதில்லை. எடை வாரம் ஒன்றரைக் கிலோ இறங்குகிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் பாராட்டுகிறார்கள். கல் உருவாகியிருந்தாலும் அவருக்குத் தெரியாது. பெரும்பாலான கற்கள் சத்தமே போடுவதில்லை, சில தாமாகக் கரைந்தும் போகின்றன.

வலி வருவதானால் திருமண விருந்து அன்றே வரலாம். நெய்யும் வடையும் பாயசமுமாகச் சாப்பிட்டதும், வாரக்கணக்கில் தூங்கிய பித்தப்பை முழு விசையோடு சுருங்கும். கல் அதன் வாயிலில் போய் அடைக்கும். மேல் வயிற்றின் நடுவிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ வலி பிடித்து, அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாமல் நிற்கும். வலது தோள்பட்டைக்கும் முதுகுக்கும் பரவும், வாந்தி வரும். வீட்டில் 'வாயுப் பிடிப்பு' என்று சோடாவும், 'அல்சர்' என்று மாத்திரையும் கொடுப்பார்கள். அடுத்த முறையும் எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் அதே வலி வந்தால், வெறும் வயிற்றில் ஒரு வயிற்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம்; பித்தப்பைக் கல் அதில் தெளிவாகத் தெரியும். வலியோடு குளிர்காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ சேர்ந்தாலும், ஐந்தாறு மணி நேரம் தாண்டியும் வலி விடாவிட்டாலும் காலை வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். கல் பித்தநாளத்துக்குள் இறங்கினால் கணையம் அழற்சியடையலாம். அது உயிருக்கே ஆபத்து.

இதே ஆசிரியைக்குச் சரியான வேகம் எது? வாரம் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை. வாரம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும்போதுதான் கல்லுக்கான வாய்ப்பு சட்டென்று ஏறுகிறது. (முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பங்கு தண்ணீர். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.) அவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,900 கலோரி செலவாகும் என்று கொண்டால், 1,400 அளவில் சாப்பிட்டால் போதும், வாரம் ஏறக்குறைய அரைக் கிலோ குறையும். திருமணத்துக்குள் 12 கிலோ ஆகாது, நான்கு கிலோ ஆகும். ஆறு மாதத்தில் ஏழெட்டுக் கிலோ குறைந்தாலே சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும்.

வேகத்தோடு கொழுப்பையும் கவனிக்க வேண்டும். ஒரு நாளின் ஏதாவது ஒரு வேளை உணவிலாவது 10 கிராம் கொழுப்பு இருந்தால் பித்தப்பை நன்றாகச் சுருங்கிக் காலியாகும். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் அது இருக்கிறது. 20 கிராம் வறுத்த நிலக்கடலையில், அதாவது ஒரு சிறு கைப்பிடியில், அதே அளவு இருக்கிறது. ஊர் கடலை மிட்டாயைத் தொடவே கூடாது என்று கோவில்பட்டியில் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆனால் அதில் பாகும் சேர்வதால் எடை குறைப்பவர்களுக்கு வறுகடலையே மேல். காலைச் சாப்பாட்டை விடாமல், எண்ணெய் ஊற்றிய மிளகாய்ப்பொடியோடு இரண்டு இட்லியோ, கடலைத் துவையலோடு ஒரு கம்பு தோசையோ சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறினால் நீண்ட பட்டினியும் உடையும், பித்தப்பைக்கும் வேலை கிடைக்கும். மதியம் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பருப்பும் காயும் முட்டையும் வைக்கலாம்.

உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை போன்ற காரணங்களால் வேகமாக இளைத்தே ஆக வேண்டியவர்களும் உண்டு. அவர்களுக்குச் சில மாதங்கள் அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரையை மருத்துவர் தருவார். அது கல் உருவாவதைப் பெரிதும் குறைக்கிறது. மருந்துக்கடையில் நாமே கேட்டு வாங்கும் மாத்திரை அல்ல அது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உணவைக் குறைக்கும் முன்பே மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும்.

ஏற்கெனவே கடும் பட்டினியில் இருப்பவர்கள் திடீரென்று பிரியாணியில் முடிக்க வேண்டாம். முதல் நாளில் ஒரு தேக்கரண்டி எண்ணெய், சில நாளில் இரண்டு என்று உணவில் கொழுப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வேகத்தை வாரம் ஒரு கிலோவுக்குள் கொண்டுவரலாம். இடையில் மேல் வயிற்று வலி ஒருமுறை வந்திருந்தால், எண்ணெயைக் கூட்டுவதற்கு முன் ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது.