தட்டணு சரியாக இருந்தும் நிற்காத ரத்தம்

பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்து தீவுகளில் ஃபோக்லோ என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊரிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை 1924இல் எரிக் வான் வில்லிபிராண்ட் என்ற மருத்துவரிடம் அழைத்துவந்தார்கள். அவளுக்கும் அவள் குடும்பத்தில் பலருக்கும் ரத்தம் எளிதில் நிற்பதில்லை. அவர்களை ஆராய்ந்து 1926இல் அவர் எழுதிய கட்டுரையால்தான் அந்த நோய்க்கு அவர் பெயர் வந்தது. அந்தச் சிறுமியோ வயதுக்கு வந்தபின் நான்காவது மாதவிடாயில் ரத்தம் நிற்காமல் இறந்துபோனாள்.

காயம்பட்ட இடத்தில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ள ஒரு புரதம் பசைபோல உதவுகிறது. இந்த நோயில் அது குறைவாக இருக்கும், அல்லது சரியாக வேலை செய்யாது. தட்டணு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கும். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் வழக்கமான சோதனைகளும் பெரும்பாலும் இயல்பு என்றே வரும். "ரிப்போர்ட் நார்மல்" என்று பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவது இதனால்தான்.

பதினேழு வயதுப் பெண் ஒருத்தியை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் நீடிக்கிறது. முதல் மூன்று நாள் இரண்டு மணி நேரம்கூட ஒரு நாப்கின் தாங்குவதில்லை. கட்டில் கால் லேசாக இடித்தாலே தொடையில் நீலமாகக் கன்றிவிடுகிறது. கடைவாய்ப் பல் பிடுங்கியபோது மறுநாள்வரை ரத்தம் கசிந்தது. "எங்க வம்சத்துக்கே இப்படித்தான் படும்" என்கிறார் அம்மா. மருத்துவருக்கு மிக முக்கியமான தடயம் அந்த ஒரு வாக்கியம்தான், ஏனென்றால் இந்நோய் பெரும்பாலும் பெற்றோர் வழியே வருவது.

காய்ச்சலும் சோர்வுமாக அவளை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். ஹீமோகுளோபின் 7. அப்போதே அந்தப் புரதத்தையும் அளக்கிறார்கள். 54 என்று வருகிறது. 50க்கு மேல் என்றால் இயல்பு. ஆனால் காய்ச்சல், மன அழுத்தம், கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஆகியவை இந்த அளவைத் தற்காலிகமாக ஏற்றிவிடும். உடம்பு தேறி சில வாரம் கழித்து மறுபடி அளந்தால் 28. முப்பதுக்குக் கீழே போனால் நோய் உறுதி. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் இடையில் இருந்து, இவளைப்போல ரத்தக்கசிவும் இருந்தால் அதையும் நோயாகவே கருதுவார்கள். அதனால் ஒரு சோதனை இயல்பாக வந்ததும் தேடலை நிறுத்திவிடக் கூடாது. புரதத்தின் அளவு, அது வேலை செய்யும் திறன், எட்டாம் உறைகாரணி ஆகிய மூன்றையும் ரத்தநோய் நிபுணர் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கண்டுபிடித்துவிட்டால் வழி உண்டு. மாதவிடாய் நாட்களில் டிரானெக்சாமிக் அமில மாத்திரை, சிலருக்கு ஹார்மோன் சிகிச்சை, ரத்தசோகைக்கு இரும்புச்சத்து. அறுவைச் சிகிச்சைக்கோ பிரசவத்துக்கோ முன்பு தனி ஏற்பாடு தேவைப்படும். வயிற்றுவலிக்கு நம் வீடுகளில் தாராளமாகப் போடும் மெஃபனமிக் அமிலம், இபுபுரோஃபன், ஆஸ்பிரின் ஆகியவை தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை. இந்தச் சந்தேகம் இருக்கும் பெண்ணுக்கு, மருத்துவர் சொல்லும்வரை, வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள்.