சாவி எப்போது கிடைக்கும்?

சென்னையில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி முடிந்தாலும், சி.எம்.டி.ஏ.வின் பணி நிறைவுச் சான்று வராமல் நிரந்தர மின் இணைப்பும் குடிநீர் இணைப்பும் கிடைக்காது. வீடு வாங்கியவருக்கு இதை எழுதும்போது, “அரசு அனுமதி தாமதம்” என்று மட்டும் சொல்வது நியாயமல்ல. அவர் வாடகையும் வங்கித் தவணையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருப்பவர். இப்படி எழுதலாம்:

“மார்ச் 10 அன்று விண்ணப்பித்தோம். கள ஆய்வு முடிந்துவிட்டது. ஏப்ரல் இறுதிக்குள் சான்றை எதிர்பார்க்கிறோம். அதன்பின் மின் இணைப்புக்கு மூன்று வாரம். மே 25க்குள் சாவி தர முடியும் என்று நம்புகிறோம். சான்று தள்ளிப்போனால் சாவியும் அதே அளவு தள்ளும். ஏப்ரல் 30 அன்று நிலவரத்தை மீண்டும் எழுதுகிறோம்.”

ஒப்பந்தத் தேதி தாண்டினால், ரியல் எஸ்டேட் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி அவர் வட்டி கேட்கலாம். அதையும் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும்.