மறதியும் ஒரு மருத்துவக் கடிதமும்



ஹட்டனை அடுத்த தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற, 65 வயது மூதாட்டி ஒருவரை விளக்கத்திற்காக எண்ணிக்கொள்வோம். அவர் பள்ளிக்கூடம் சென்றறியாதவர். அவரைச் சோதித்த உளவியலாளர் நரம்பியல் வைத்தியருக்குக் கடிதம் எழுதுகிறார். அதில் என்ன இருத்தல் வேண்டும்?

முறைப்பாடு யாருடையது என்பது முதலாவது. "அம்மா கேட்டதையே கேட்கிறார், அடுப்பில் வைத்ததை மறந்துவிடுகிறார், ஓராண்டாக இப்படித்தான்" என்கிறார் மகள். தாயோ, தமக்கு ஒரு குறையுமில்லை என்கிறார். தம் மறதியைத் தாமே எண்ணி வருந்துவோரிடம் பெரும்பாலும் மனச்சோர்வோ கவலையோ காணப்படும். பிறர் காணும் மறதியைத் தாம் உணராதிருப்பது கூடுதலாகக் கவனிக்கத்தக்கது.

அடுத்தது சோதனை. 1975இல் வெளியான, உலகெங்கும் வழங்கும் சுருக்கச் சோதனைக்கு மொத்தம் 30 புள்ளிகள். 24க்குக் குறைந்தால் ஐயத்திற்கிடம் என்பது வழக்கம். நம் மூதாட்டி பெற்றது 17. இந்த எண்ணை மாத்திரம் எழுதினால் கடிதம் வைத்தியரைத் திசைதிருப்பிவிடும். ஏனெனில் வாசித்தல், எழுதுதல், உருவத்தைப் பார்த்து வரைதல் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு புள்ளியும், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்தலுக்கு ஐந்து புள்ளிகளும் உண்டு. இந்த எட்டும் பள்ளிப் பயிற்சியைப் பெரிதும் சார்ந்தவை. அவற்றுள் ஏழை அவர் இழந்தார். ஆயினும், 70 ரூபாய்ப் பொருளுக்கு 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டபோது உடனே சரியாகச் சொன்னார். ஆகவே அவ்விழப்பை நோயின் கணக்கில் சேர்த்தல் தகாது.

எஞ்சிய ஆறு புள்ளிகளே பொருளுடையவை. மூன்று, ஆண்டு, மாதம், தேதி அறியாமையால் போயின. மற்ற மூன்று, சற்று முன் சொன்ன மூன்று சொற்களைத் திரும்பக் கூறாமையால் போயின. எனவே உளவியலாளர் மேலும் ஆராய்கிறார். பத்துச் சொற்களைத் தமிழில் மும்முறை வாய்மொழியாகக் கற்பிக்கிறார். மூன்றாம் முறை ஐந்து சொற்கள் வந்தன. இருபது நிமிடங்களுக்குப் பின் ஒன்றும் வரவில்லை. "அது ஒரு காய்கறி" எனக் குறிப்புக் கொடுத்தும் பயனில்லை. மனச்சோர்வுள்ளோருக்குப் பெரும்பாலும் குறிப்பு உதவும்; நினைவு உள்ளே இருக்கும், எடுக்கத்தான் இயலாது. இங்கோ நினைவே தங்கவில்லை. சென்ற கிழமை நடந்த பேரனின் திருமணமும் அவருக்கு நினைவில்லை. இது படிப்பின்மையால் விளைவதன்று.

இறுதியாக, கடிதம் தீர்ப்புக் கூறாது, வினாவை முன்வைக்கும். "புதிய நினைவைப் பதித்தலில் குறை காணப்படுகிறது. மனச்சோர்வு காணப்படவில்லை. இது அல்சைமர் நோயின் தொடக்கமா, அன்றித் தைரொயிட் குறை, வைட்டமின் பி12 குறை போன்ற, சிகிச்சைக்கு இணங்கும் காரணம் உண்டா? தகுந்த இரத்தப் பரிசோதனையும் மூளைப் படமும் வேண்டுகிறேன்" என்று அது முடியும். மூதாட்டி உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலும் உடன் செல்லும். தூக்க மருந்தும் சில ஒவ்வாமை மருந்துகளும் மறதியை உண்டாக்க வல்லவை.

பதினேழு என்ற எண் மட்டும் சென்றிருந்தால், எழுதப் படிக்கத் தெரியாமையே நோயாகக் கொள்ளப்பட்டிருக்கலாம். அல்லது, "படிக்காதவர்தானே" என்று மெய்யான நோய் கைவிடப்பட்டிருக்கலாம். எந்தப் புள்ளி எதனால் போயிற்று என்று பிரித்துக் காட்டுவதே அக்கடிதத்தின் பணி.