கோட்டையா, கொட்டையா?

பழைய சுவடி ஒன்றில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எரிககரையிலெகெரடடைகணடரன

இது விளக்கத்துக்காக நானே எழுதிய வரி. ஆனால் எழுதியிருக்கும் விதம் ஓலைச்சுவடிகளுடையது. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. குறிலான எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தாலும், சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிட்டார்கள். இன்று நாம் நெடிலுக்குப் போடும் இரட்டைக்கொம்பு 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம் என்பார்கள்.

இந்த வரியைப் படியெடுப்பவர் என்ன செய்ய வேண்டும்? ‘உள்ளது உள்ளபடி எழுதுவேன்’ என்பது ஒரு கட்சி. ‘இன்றைய வாசகருக்குப் புரியும்படி மாற்றுவேன்’ என்பது இன்னொரு கட்சி. வேலையில் இறங்கினால் இந்த இரண்டு கட்சிகளுமே போதாது என்று தெரிந்துவிடும். வரியைப் படித்தே பார்ப்போம்.

முதலில் கண்ணில் படுவது ‘கக’, ‘டட’ என்ற இரட்டிப்பு. முன்னெழுத்துக்குப் புள்ளி வைத்தால் ‘க்க’, ‘ட்ட’. (எப்போதும் அப்படி அல்ல, ‘முககமலம்’ என்று வந்தால் அது முக கமலம்.) ‘ணட’ என்பது ‘ண்ட’. ‘கண்டரன்’ என்று ஒரு சொல் இல்லாததால் அங்கே இருப்பது ரகரம் அல்ல, துணைக்கால், ஆகவே ‘கண்டான்’. எரிக்கரை என்று ஒன்று கிடையாது, எனவே ‘ஏரிக்கரையிலே’. இதுவரை சிக்கல் இல்லை. நடுவில் நிற்கும் ‘கெரடடை’தான் தொல்லை. அது கொட்டையாகவும் இருக்கலாம், கோட்டையாகவும் இருக்கலாம். எழுத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் விடை வராது, ஏனென்றால் விடை எழுத்தில் இல்லை.

அக்கம்பக்கத்து வரிகளைத்தான் கேட்க வேண்டும். அந்தச் சுவடி ஓர் ஊரின் பழங்கதை என்றால் கோட்டை. அப்போது ‘கண்டான்’ என்பதற்குக் கட்டினான் என்றுகூடப் பொருள் வரும். மூலிகைச் சுவடி என்றால் கொட்டை. நெல்லைச் சீமையின் நிலக்கணக்கு என்றால் கோட்டை என்பது நெல்லளவும் ஆகும். அதே நூலுக்கு வேறொரு பிரதி கிடைத்து, அதில் ‘கோட்டை மதில்’ என்று வந்துவிட்டால் வழக்கு முடிந்தது.

கடைசியில் ‘ஏரிக்கரையிலே கோட்டை கண்டான்’ என்று எழுதுகிறோம். கவனியுங்கள், இதில் நாம் எதையும் நவீனமாக்கவில்லை. எழுதியவரும் வாய்விட்டுப் படித்தபோது இப்படித்தான் படித்திருப்பார். புள்ளி வைப்பதும் நெடில் போடுவதும் படிப்பின் பகுதி. அதைச் செய்யாமல் விட்டால் வாசகர் கையில் ஒரு புதிரைக் கொடுத்ததாகும். ஆனால் செய்ததைச் சொல்லாமல் விட்டால், நம் ஊகத்தைச் சுவடியின் தலையில் ஏற்றியதாகும். அதனால்தான் ‘கொட்டை எனவும் கொள்ளலாம்’ என்று அடிக்குறிப்பு வேண்டும். உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளில் பிரதிபேதங்களை அடிக்குறிப்பாகத் தந்தது இந்த நேர்மைக்காகத்தான். அவர் தேர்ந்த பாடத்தை ஒப்பாதவர்களும் அவர் பதிப்பை வைத்துக்கொண்டே வாதாட முடிகிறது.

அடுத்த படி இதைவிடக் கடினம். சுவடியில் ஓரிடத்தில் ‘வாளை’ என்று வருகிறது. ளகரம் தெளிவாகவே இருக்கிறது. வாளை ஒரு மீன். ஆனால் அதே சுவடியில் கிழக்கைக் ‘கிளக்கு’ என்றும், பழத்தைப் ‘பளம்’ என்றும் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் இந்த வாளை உண்மையில் வாழையாக இருக்கலாம். வயலும் தோப்பும் அடுத்தடுத்து வரும் வருணனையில் மீனும் பொருந்தும், மரமும் பொருந்தும்.

இந்த இடத்தில் அனுபவசாலிகள் ஒரு காரியம் செய்வார்கள். திருத்தத் தொடங்குவதற்கு முன்பு, ல, ள, ழ மயங்கும் இடங்களையும் ர, ற மயங்கும் இடங்களையும் முதல் ஐம்பது ஏடுகளிலிருந்து ஒரு தாளில் குறித்துக்கொள்வார்கள். மயக்கம் நூல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் அது பிழை அல்ல, எழுதியவரின் வாய்மொழி. ழகரத்தை ளகரமாக ஒலிக்கும் பகுதியைச் சேர்ந்தவர் என்று அவரைப் பற்றியே அது நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. ஓரிடத்தில் மட்டும் வந்தால் கைதவறு. வாய்மொழியைக் காப்பாற்ற வேண்டும். கைதவறைத் திருத்தி, மூலத்தில் இருந்ததை அடியில் குறித்தால் போதும். ‘கிளக்கு’, ‘பளம்’ எல்லாவற்றையும் முதல் நாளே திருத்தித் தட்டெழுதிவிட்டால், ‘வாளை’யைச் சந்தேகிக்க வேண்டும் என்பதற்கான சான்றே அழிந்துபோகும். பின்னால் வருபவர் அதை மீன் என்றே நம்புவார்.

அச்சுப் புத்தகத்துக்கு வருவோம். 19-ஆம் நூற்றாண்டுப் பக்கம் ஒன்றைத் திறந்தால் முதலில் தெரிவது தும்பிக்கை போட்ட லை, னை, ணை. சுழித்து எழுதிய றா, னா, ணா. பெரியார் 1935-இல் தம் இதழில் கையாளத் தொடங்கி, தமிழக அரசு 1978-இல் ஏற்றுக்கொண்ட சீர்திருத்தம் இந்த வடிவங்களைத்தான் மாற்றியது. ‘இவற்றை வைத்துக்கொள்ளலாமா’ என்று கேட்பவர்கள் உண்டு. கணினியில் இது கேள்வியே அல்ல. ஒருங்குறியில் பழைய லைக்கும் புதிய லைக்கும் ஒரே குறியீடுதான். எந்த வடிவத்தில் தெரிய வேண்டும் என்பதை எழுத்துரு பார்த்துக்கொள்ளும். வடிவம் மாறினால் எழுத்து மாறுவதில்லை. இதற்காக ஒரு நிமிடமும் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது எண்களுக்கும் குறிகளுக்கும். ௲௮௱௮௰௭ என்று இருந்தால் அது 1887. தட்டெழுதுபவர்கள் ௮ என்ற எண்ணுக்கு ‘அ’ என்ற எழுத்தையும், ௭ என்ற எண்ணுக்கு ‘எ’ என்ற எழுத்தையும் போட்டுவிடுவார்கள். திரையில் வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது, தேடும்போது அகப்படாது. ஔகாரத்தை ‘ஒ’ என்றும் ‘ள’ என்றும் இரண்டு எழுத்தாக அடிப்பதும் இந்த வகைதான். மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணை நம்பாமல், ஔவை என்று தேடிப் பார்த்து எத்தனை இடங்கள் வருகின்றன என்று எண்ணினால் குட்டு உடைந்துவிடும்.

௵ என்ற குறி இருக்கிறது. அதை வருஷம் என்று விரித்தால் படித்திருக்கிறோம். ஆண்டு என்று விரித்தால் மாற்றியிருக்கிறோம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் அந்த ஆசிரியர் நூல் முழுக்க வருஷம் என்றே எழுதியிருப்பார். ‘புஸ்தகம்’ என்பதைப் ‘புத்தகம்’ ஆக்குவது எழுத்துக்கூட்டல் மாற்றம். வாசிப்புப் பிரதியில் அதைச் செய்யலாம். ‘ஜனங்கள்’ என்பதை ‘மக்கள்’ ஆக்குவது சொல் மாற்றம். அது எந்தப் பிரதியிலும் கூடாது. தனித்தமிழ் இயக்கம் 1916-இல் தொடங்கியது என்கிறோம். அதற்கு முன்னும் பின்னும் உரைநடை எப்படி மாறியது என்று ஒருவர் ஆராய வந்தால், நாம் ‘சுத்தம்’ செய்து வைத்த புத்தகம் அவருக்குப் பொய்ச்சாட்சி சொல்லும்.

சந்தி பிரிப்பது இன்னொரு தீராத விவாதம். 1950-களில் மர்ரே எஸ்.ராஜம் வெளியிட்ட சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகள் பழைய இலக்கியத்தைப் பலருக்கு எட்டச் செய்தன. உரைநடையில் ‘அவனிடத்திலிருந்ததைக்கண்டு’ என்பதை ‘அவனிடத்தில் இருந்ததைக் கண்டு’ என்று பிரிப்பதால் நட்டம் இல்லை. ஆனால் ‘பலகையொலி’ என்று வந்தால்? பலகை ஒலி என்று பிரித்தால் ஒரு மரச்சட்டம். பல கை ஒலி என்று பிரித்தால் கைதட்டும் கூட்டம். பிரிப்பவர் பொருளையும் சேர்த்தே முடிவுசெய்கிறார். செய்யுளில் இன்னொரு இழப்பும் உண்டு. சொல்லாகப் பிரித்தால் சீர் குலையும், ஓசை கெடும். ஆகவே செய்யுளைச் சீராக ஒரு முறையும், கீழே சொல்லாக ஒரு முறையும் அச்சிடுவதே நல்லது.

யாப்பு நமக்கு இடைஞ்சல் மட்டும் அல்ல, மங்கிய இடங்களில் கைவிளக்கும் அதுதான். கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடிக்கு, மெய்யை விட்டு எண்ணினால், 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. நிரையில் தொடங்கும் ஓரடியில் 14 எழுத்து தெரிகிறது, நடுவில் பூச்சி அரித்திருக்கிறது என்றால் போனது 3 எழுத்து. அடியின் முதற்சொல் அழிந்திருந்தால் மற்ற அடிகளின் எதுகை அதன் இரண்டாம் எழுத்தைக் காட்டிக்கொடுக்கும். இப்படிக் கண்டதையும் பகர அடைப்புக்குள் போடுவதுதான் முறை. கண்டுபிடிக்க முடியாவிட்டால் எழுத்துக்கு ஒரு புள்ளியாக [...] என்று விட வேண்டும். அழகான சொல் ஒன்றைப் போட்டு நிரப்பக் கை துறுதுறுக்கும். சுவடிக்கு வெள்ளமும் செல்லும் செய்யாத கேட்டை அது செய்துவிடும்.

மங்கிய ஓலையைப் படிக்க முன்பு கரிப்பொடியோ இலைச்சாறோ தடவினார்கள். மை போனாலும் எழுத்தாணி கீறிய பள்ளம் ஓலையில் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்துப் படம் எடுத்தால் பள்ளம் நிழல் கட்டித் தெரியும். அச்சுத்தாளில் அந்த வசதி குறைவு. அங்கே முதலில் பார்க்க வேண்டியது நூலின் கடைசிப் பக்கத்தை. பழைய அச்சகங்கள் ‘பிழைதிருத்தம்’ என்று ஒரு பட்டியல் சேர்ப்பது வழக்கம். நாம் மூளையைக் கசக்கும் இடத்தை ஆசிரியரே அங்கே தீர்த்துவைத்திருப்பார்.

இத்தனையும் நடைமுறையில் இரண்டு கோப்புகளில் அடங்கிவிடும். முதலாவது நேர்ப்படி. ஏட்டிலோ பக்கத்திலோ உள்ள எழுத்தும் வரியும் எண்ணும் அதில் அப்படியே இருக்கும். இரண்டாவது வாசிப்புப் பிரதி. புள்ளியும் நெடிலும் சொல் இடைவெளியும் நிறுத்தக்குறியும் அதில் சேரும். வேண்டுமானால் புஸ்தகம் புத்தகமாகும். இரண்டாவது எப்போதும் முதலாவதிலிருந்தே பிறக்க வேண்டும். நேரே வாசிப்புப் பிரதியைத் தட்டெழுதிவிட்டால் திரும்பிப் போக வழி இருக்காது. மறுபடி ஏட்டைத்தான் பிரிக்க வேண்டும், ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் ஓரம் உதிரும். சி.வை.தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரையில் வருந்திச் சொன்னதும் இந்த உதிர்வைப் பற்றித்தான்.

வாசிப்புப் பிரதியின் முன்பக்கத்தில், எதை மாற்றினோம், எதைத் தொடவில்லை என்று ஐந்தாறு வரி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நம் ஏரிக்கரை வரியும் அப்போது இப்படித்தான் நிற்கும்: மேலே ‘ஏரிக்கரையிலே கோட்டை கண்டான்’, அடியில் சின்ன எழுத்தில் ‘கொட்டை எனவும் கொள்ளலாம்’. வேறொரு பிரதி என்றைக்காவது அகப்பட்டு அது கொட்டைதான் என்று தெரிந்தால், வரப்போகிறவர் நம் கோட்டையை இடிக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.