ஆயிரம் ரூபாய்தானே என்று கட்டிவிடலாமா?

கைப்பேசிக்கு இ-சலான் வந்ததும் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது தொகையைத்தான். ஹெல்மெட் போடாததற்கு ஆயிரம் ரூபாய் என்று இருந்தால், யார் அலைவது என்று கட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தவறு செய்தவருக்கு அது சரியான வழிதான். செய்யாதவர் கட்டினால், பணம் போவதோடு முடிவதில்லை.

குறுஞ்செய்தியில் வரும் இணைப்பை அழுத்த வேண்டாம். வாட்ஸ்அப்பில் .apk கோப்பாக வரும் 'சலான்', வங்கிக் கணக்கைக் குறிவைக்கும் மோசடி. உலாவியில் நீங்களே echallan.parivahan.gov.in என்று தட்டி, சலான் எண்ணையோ வண்டி எண்ணையோ கொடுத்துத் தேடுங்கள். உண்மையான சலான் என்றால் இடம், நாள், நேரம், சட்டப் பிரிவு எல்லாம் அங்கே இருக்கும். கேமராவில் பதிவான வழக்கென்றால் புகைப்படமும் இருக்க வேண்டும்.

சட்டப் பிரிவுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வரும். ஒன்று கடமையைச் சொல்வது, மற்றது தண்டனையைச் சொல்வது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 129-ஆவது பிரிவு ஹெல்மெட் அணியச் சொல்கிறது. அணியாவிட்டால் என்ன ஆகும் என்பது 194டி பிரிவில் இருக்கிறது: ஆயிரம் ரூபாய் அபராதம், அத்துடன் மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. சலானில் தொகை மட்டும்தான் கண்ணில் படும். தகுதியிழப்பு சட்டத்துக்குள் இருக்கிறது.

சலான் என்பது குற்றச்சாட்டுதான், தீர்ப்பு அல்ல. பணம் கட்டும்போது 200-ஆவது பிரிவின்படி வழக்கை இணக்கமாக முடித்துக்கொள்கிறீர்கள், நீதிமன்றம் போக வேண்டியதில்லை. ஆனால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தது. இப்படி முடித்துக்கொண்ட குற்றமும் முதல் குற்றமாகவே கணக்கில் ஏறும். அதே தவறு மறுபடி நடந்தால், அது இரண்டாம் முறை. பொதுவான விதிமீறல்களுக்கான 177-ஆவது பிரிவில் முதல் முறை 500 ரூபாய், மறுமுறை 1,500. ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் பேசினால் தமிழகத்தில் முதல் முறை 1,000, அடுத்த முறை 10,000. லைசென்ஸ் மீதான நடவடிக்கையும் பணம் கட்டியதால் மட்டும் நின்றுவிடாது. குடித்துவிட்டு ஓட்டிய வழக்குக்கோ இந்த இணக்க வழியே கிடையாது, நீதிமன்றம்தான்.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர் ஆசிரியை ஒருவரிடம் நீல நிற ஸ்கூட்டர் இருக்கிறது. மதுரையில் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு ஹெல்மெட் இல்லாமல் போனதாக அவருக்குச் சலான் வருகிறது. தளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் கறுப்பு பைக், ஓட்டுவது ஓர் ஆண். நம்பர் பிளேட்டில் பாதி அழிந்த '3', பதிவில் '8' ஆகியிருக்கிறது. அவர் பணம் கட்டக் கூடாது. அந்தப் பக்கத்தையும் படத்தையும் சேமித்துக்கொண்டு, ஆர்.சி. நகல், நம்பர் பிளேட் தெரிய எடுத்த ஸ்கூட்டர் படம், அன்று பள்ளியில் கையெழுத்திட்ட வருகைப் பதிவின் நகல் ஆகியவற்றோடு அதே தளத்தில் உள்ள குறைதீர்ப்புப் பகுதியில் புகார் பதிய வேண்டும். சலான் போட்ட போக்குவரத்துக் காவல் பிரிவுக்கும் எழுதுவது நல்லது. படத்தில் இருப்பது அவருடைய எண்ணே, வண்டிதான் வேறு என்றால் யாரோ போலி நம்பர் பிளேட் மாட்டியிருக்கலாம். அதற்குக் காவல் நிலையத்தில் தனியாகப் புகார் கொடுக்க வேண்டும்.

வண்டி உங்களுடையதுதான், ஓட்டியது தம்பி என்றால் நிலைமை வேறு. போலீஸ் கேட்டால் ஓட்டியவர் பெயரையும் லைசென்ஸ் விவரத்தையும் சொல்வது 133-ஆவது பிரிவின்படி உரிமையாளரின் கடமை. விற்ற வண்டிக்கும் ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை சலான் பழைய உரிமையாளருக்கே வரும்.

புகாரில் தீராமல் வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போனால், vcourts.gov.in தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு தேடலாம். அங்கே இரண்டு வழிகள் உண்டு: முன்மொழிந்த அபராதத்தைக் கட்டுவது அல்லது வழக்கை எதிர்ப்பது. எதிர்ப்பதாகச் சொன்னால் வழக்கு அந்தப் பகுதிக்குரிய வழக்கமான நீதிமன்றத்துக்கு மாறும். தஞ்சாவூர்க்காரருக்கு அது மதுரைப் பயணமாகலாம். அங்கே தோற்றால் அபராதத்தை நீதிபதி தீர்மானிப்பார். அதனால் தெளிவான சான்று கையில் இருப்பவருக்கே இந்த வழி பொருந்தும்.

கட்டாமலும் எதிர்க்காமலும் விட்டுவிட்டால், பெயர் மாற்றம், தகுதிச் சான்று போன்றவற்றுக்காக ஆர்.டி.ஓ. அலுவலகம் போகும் நாளில் நிலுவைச் சலான் குறுக்கே நிற்கும். அதற்குள் அன்றைய வருகைப் பதிவைத் தேடி எடுப்பது கடினமாகியிருக்கும். எதிர்ப்பதென்றால் சலானில் குறிப்பிட்ட கெடு முடிவதற்குள் எதிர்த்துவிட வேண்டும்.